நவம்பர் 1ல இருந்து என்ன நிக்குது, என்ன நிக்காது: நம்ம மாலை வகுப்பு சென்டர் ஆளுங்க எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

டீச்சர்ஸ், கோஆர்டினேட்டர்ஸ், வேன் அண்ணா, ஆபீஸ் மக்கள், எல்லாருக்கும் வணக்கம்.

மொதல்ல நீங்க கேக்கப் போற ரெண்டு கேள்விக்கு பதில் சொல்லிடறேன், அப்பதான் மிச்சத்த நிதானமா படிப்பீங்க. யாருக்கும் வேலை போகல. தீபாவளி காசு வரும், அது இந்த மாச கணக்குலயே ஒதுக்கி வெச்சது, அதுல கை வைக்கல. இதுக்கு அப்புறம் வர்றது எல்லாம் அவ்ளோ நல்ல சேதி இல்ல.

போன வாரத்துல இருந்தே புளியந்தோப்புல ஒரு கதை, காசிமேட்டுல ஒரு கதைன்னு ஓடிட்டு இருக்கு, "ஆபீஸையே மூடறாங்களாம்"னு ஒரு டீச்சர் எனக்கே போன் பண்ணி சொன்னாங்க. அதனால நடந்தத நானே எழுதிடறேன். நம்ம மாலை வகுப்புக்கு காசு குடுக்கற கம்பெனி இந்த வருஷம் 38 லட்சம்னு சொல்லியிருந்தாங்க. ஜூன்ல பாதி, 19 லட்சம், வந்துச்சு. இன்னொரு பாதி இந்த மாசம் வரணும். வந்தது லெட்டர். ரெண்டாவது தவணை 19 இல்ல, 8 லட்சம்தான்னு எழுதியிருக்காங்க. 11 லட்சம் துண்டு விழுது.

ஏன்னு கேட்டா அவங்க மேல கோவப்பட ஒண்ணும் இல்ல. சிஎஸ்ஆர்னு சொல்ற சமூகப் பொறுப்புக் காசு கம்பெனி மனசு வெச்சு குடுக்கற நன்கொடை மாதிரி நமக்குத் தெரியுது, ஆனா சட்டப்படி அது ஒரு கணக்கு. 2013 கம்பெனிச் சட்டத்துல 135வது பிரிவு, அதுக்குள்ள வர்ற கம்பெனி எல்லாம் முந்தின மூணு வருஷ லாபத்தோட சராசரியில 2 சதவீதம் செலவு பண்ணணும். போன வருஷம் அவங்களுக்கு லாபம் நல்லா அடி வாங்கியிருக்கு, கணக்கு முடிச்சு செப்டம்பர்ல மீட்டிங் நடத்திட்டு பாத்தா சராசரி இறங்கிடுச்சு, நம்ம பங்கும் இறங்கிடுச்சு. இதுல நாம கவனிக்க வேண்டியது வேற. மூணு வருஷ சராசரின்றதால, ஒரு மோசமான வருஷம் அதோட போகாது, அடுத்து வர்ற ரெண்டு வருஷ கணக்குலயும் அது உக்காந்திருக்கும். அதனால "ஏப்ரல் வந்தா பழைய மாதிரி ஆயிடும்"னு யாராவது உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க. நானே அப்படி சொல்லியிருந்தா என்னையும் நம்பாதீங்க.

கம்பெனியோட போட்ட எம்ஓயூ ஒப்பந்தத்துல ரெண்டாவது தவணை "போர்டு ஒப்புதலுக்கு உட்பட்டது"ன்னு ஒரு வரி தெளிவா இருக்கு. நான் அத படிச்சேன், படிச்சுட்டு 38ம் வரும்னு வெச்சு பட்ஜெட் போட்டேன், அந்த நம்பிக்கையில ஜூன்ல ரெண்டு புது சென்டரும் தொறந்தேன். இது என் தப்பு. டிரஸ்டிங்க கிட்டயும் இதே வார்த்தையில சொல்லிட்டேன்.

இப்ப கணக்குக்கு வருவோம், இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா "மொத்த பட்ஜெட் ஒரு கோடி, 11 லட்சம் போச்சுன்னா எல்லாத்துலயும் 11 சதவீதம் கொறச்சா முடிஞ்சுதே"ன்னு நெறைய பேர் கேட்டீங்க. நானும் மொத நாள் அப்படித்தான் நெனச்சேன், கணக்கு பாக்கற அக்கா ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு போட்டு காமிச்சப்புறம்தான் வயித்த கலக்குச்சு.

மொத கோடு. அந்த ஒரு கோடியில 24 லட்சம் நூலக வேனுக்குன்னு வெளிநாட்டு அறக்கட்டளை குடுத்தது, 12 லட்சம் தையல் பயிற்சிக்குன்னு இன்னொரு கம்பெனி குடுத்தது. ரெண்டும் கட்டிப்போட்ட காசு, குடுத்தவங்க சொன்ன வேலைக்கு மட்டும்தான். அத எடுத்து வெச்சுட்டா மிஞ்சறது 64 லட்சம். ரெண்டாவது கோடு. வருஷத்துல ஏழு மாசம் போயிடுச்சு. ஏப்ரல்ல குடுத்த வாடகையையோ ஜூலையில சாப்ட்ட சுண்டலையோ இப்ப கொறைக்க முடியாது. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நம்ம கை வைக்கக்கூடிய செலவு மொத்தமே கிட்டத்தட்ட 30 லட்சம்தான், அந்த 30ல இருந்துதான் 11 போகணும். அப்ப இது 11 சதவீதம் இல்ல, 37. அந்த 30க்குள்ளயும் மாசம் மூணேகால் லட்சத்துக்கு மேல நம்ம எல்லாரோட சம்பளமும் ஹானரேரியமும்தான்.

அதனாலதான் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சீவற வேலை வேணாம்னு முடிவு பண்ணோம். எல்லா சென்டர்லயும் மூணுல ஒரு பங்கு கொறைச்சா 14 சென்டரும் பேருக்கு தொறந்திருக்கும், ஒண்ணுலயும் பாடம் நடக்காது.

"அந்த வேனை நிறுத்துங்க சார், டீசலே எவ்ளோ போகுது"ன்னு வியாசர்பாடி மீட்டிங்ல ஒரு தம்பி கேட்டாரு, நியாயமான கேள்வி. வேனை நாளைக்கே நிறுத்தினாலும் மாலை வகுப்புக்கு ஒரு ரூபா வராது. அந்த காசு டெல்லியில இருக்கற ஸ்டேட் பேங்க் கிளையில வெளிநாட்டு நன்கொடைக்குன்னே இருக்கற தனி எஃப்சிஆர்ஏ கணக்குல வந்து எறங்குது, நம்ம உள்ளூர் காசோட அது கலக்கவே கூடாது, வருஷா வருஷம் எதுக்கு செலவு பண்ணோம்னு உள்துறை அமைச்சகத்துக்கு கணக்கு போகுது. கலந்தா நம்ம பதிவே போயிடும், அப்புறம் வேனும் இல்ல வகுப்பும் இல்ல. தையல் யூனிட்டுக்கு ஆறு புது மெஷின் வந்து இறங்கினப்ப "எங்களுக்கு சாக்பீஸ் வாங்க காசில்ல, அங்க மெஷினா"ன்னு கொருக்குப்பேட்டை டீச்சர் ஒருத்தங்க வருத்தப்பட்டாங்க. அந்த வருத்தம் எனக்குப் புரியுது, ஆனா அந்த மெஷின் வாங்கலன்னா அந்த காசு சாக்பீஸா மாறாது, குடுத்தவங்ககிட்டயே திரும்பிப் போயிடும்.

இன்னொரு யோசனையும் வந்துச்சு, யாருன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு டீச்சர வேன் ஆளுங்கன்னு பேப்பர்ல காமிச்சு சம்பளத்த அங்க இருந்து குடுத்துடலாமேன்னு. முடியாது. செலவு கணக்குக்கு நான் கையெழுத்து போடறேன், ஆடிட்டர் கையெழுத்து போடறாரு, அதுல இல்லாத ஆள் இருக்கக்கூடாது. ஆனா அந்த யோசனைக்குள்ள ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. வேன் திட்டத்துல ரெண்டு நூலக உதவியாளர் போஸ்ட் நெசமாவே மார்ச்ல இருந்து காலியா கெடக்கு. ரெண்டு டீச்சர் நெசமாவே அங்க மாறி வேலை செஞ்சா, அது சரி. நேரம் மாறும், மத்தியானம் 2ல இருந்து 7 வரைக்கும். விருப்பம் இருக்கறவங்க சொல்லுங்க, கட்டாயப்படுத்த மாட்டேன்.

அதே மாதிரி நாங்களே முட்டாள்தனமா விட்டு வெச்ச ஒண்ணும் கெடச்சுது. வேன் திட்டத்தோட ஒப்புதல் ஆன பட்ஜெட்லயே ஆபீஸ் வாடகை, கணக்கு வேலைக்கு மாசம் 9,000 பங்குன்னு ஒரு வரி இருக்கு. எஃப்சிஆர்ஏ சட்டத்துல நிர்வாகச் செலவு 20 சதவீதத்த தாண்டக்கூடாது, இது அதுக்கு ரொம்ப கீழதான். ஆனா இதுவரைக்கும் அத நாம எடுத்ததே இல்ல, சோம்பேறித்தனம்தான் காரணம், எல்லாத்தையும் பொதுக் காசுல இருந்தே கட்டிட்டு இருந்தோம். நவம்பர்ல இருந்து அந்த பங்கு அந்த கணக்குல இருந்து வீட்டு ஓனருக்கே நேரா போகும், நம்ம பொதுக் கணக்குக்கு மாத்தி எடுக்க மாட்டோம். பழைய மாசத்துக்கும் எடுக்கலாமான்னு கேட்டேன், யார் எவ்ளோ நேரம் அந்த வேலை பாத்தாங்கன்னு அப்ப எழுதி வெக்கலயே, அப்புறம் எப்படின்னு ஆடிட்டர் கேட்டாரு. அதனால கோஆர்டினேட்டர்ஸ், டைம்ஷீட்ட தயவு பண்ணி வாரா வாரம் எழுதுங்க, மாசக் கடைசியில உக்காந்து ஒரே பேனாவுல 30 நாளையும் ரொப்பாதீங்க, அது பாத்தாலே தெரியுது.

சேமிப்பு இருக்கேன்னு கேப்பீங்க. எஃப்டில பொதுச் சேமிப்பு 8 லட்சம் இருக்கு. அதுல 3 லட்சம் எடுக்க டிரஸ்டிங்க ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு மேல வேணாம்னுட்டாங்க. நான் அஞ்சு கேட்டேன். அவங்க சொன்னதுதான் சரி. வருஷா வருஷம் ஏப்ரல், மே மாசத்துல எந்த கம்பெனி காசும் வராது, மொத தவணையே ஜூன்லதான், அது வரைக்கும் மாசம் 5 லட்சம் செலவ இந்த சேமிப்பும் தனி ஆளுங்க குடுக்கற நன்கொடையும்தான் தாங்குது. இப்பவே கரைச்சுட்டா மே மாசம் சம்பளம் இல்ல.

ஆக 8 லட்சம் கொறைக்கணும். அதுல பெரிய பங்கு, நாலரை லட்சம் கிட்ட, மூணு நிகழ்ச்சியில இருந்து வருது.

ஆண்டு விழா இந்த வருஷம் இல்ல. இத எழுதறதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு, போன வாரம் தண்டையார்பேட்டை சென்டருக்கு போனப்ப பசங்க பெஞ்சை ஓரமா தள்ளிட்டு டான்ஸ் பிராக்டீஸ் ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு பாப்பா வந்து "சார் எனக்கு எந்த கலர் டிரெஸ்"னு கேக்குது, நான் லெட்டர பையில வெச்சுக்கிட்டு முழிச்சுட்டு நின்னேன். ஆனா மண்டபம், மைக் செட்டு, டிரெஸ் வாடகை, சாப்பாடு, பஸ்ஸுன்னு 2 லட்சத்து 40 ஆயிரம் ஒரே நாள்ல போகுது. மண்டபத்துக்கு குடுத்த 40,000 அட்வான்ஸ்ல பாதிதான் திரும்ப வரும். பொங்கலுக்கு அப்புறம் அவங்கவங்க சென்டர்லயே பசங்க ஆடட்டும், பெத்தவங்க வந்து பாக்கட்டும், மைக் வேணாம். டீச்சர்களுக்கு ஏலகிரியில வெச்சிருந்த மூணு நாள் பயிற்சியும் நிக்குது, பதிலா ஆபீஸ்ல ஒரு நாள். அறிவியல் கண்காட்சி நிக்குது. மாசப் பத்திரிகை அச்சடிக்கறதும் நிக்குது, யாரும் கேக்கவும் மாட்டாங்கன்னு நெனக்கறேன்.

ஆபீஸ்ல மாடி ரூம திரும்ப குடுக்கறோம், மாசம் 8,000. ஓனர் கிட்ட இருக்கற 80,000 அட்வான்ஸ் திரும்ப வருமேன்னு சந்தோஷப்பட்டேன், அது நம்ம காசு நமக்கே வர்றது, அத மிச்சம்னு எழுதக்கூடாதுன்னு அக்கா அடிச்சுட்டாங்க. பெயிண்ட் அடிக்கணும்னு அதுல எவ்ளோ புடிப்பாருன்னும் தெரியல. மொத்த ஆபீஸையும் சின்ன இடத்துக்கு மாத்தலாம்னும் பாத்தோம், புது இடத்துக்கு பத்து மாச அட்வான்ஸ், லாரி, வயரிங்னு இந்த மார்ச்சுக்குள்ள செலவுதான் ஏறும், கொறையாது. சம்பளத்துல என்னோடதுல கால் பங்கு அஞ்சு மாசத்துக்கு கட், புரோகிராம் மேனேஜர் அவங்களா முன்வந்து 10 சதவீதம் விட்டுக் குடுத்திருக்காங்க. மத்த யார் சம்பளத்துலயும், ஹானரேரியத்துலயும் கை வைக்கல. ஒரு டீச்சருக்கு 6,000 குடுக்கறதே எந்த ஊர் நியாயம்னு எனக்கே தெரியும்.

இப்ப சென்டர். 14ல மூணு பக்கத்து சென்டரோட சேருது. நவம்பர்ல இல்ல, அரையாண்டு பரீட்சை முடிஞ்சு ஜனவரியில. ரெண்டு மாசம் முன்னாடியே சேத்திருந்தா இன்னும் மிச்சமாகும்தான், ஆனா பரீட்சைக்கு சில வாரம் முன்னாடி மழையில பசங்கள இடம் மாத்தினா பாதி பேர் வர மாட்டாங்க. எந்த மூணுன்றதுக்கு வருகைப் பதிவேட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணல. அப்படி பாத்தா மொதல்ல மூட வேண்டியது வியாசர்பாடியில இருக்கற சின்ன சென்டர், 16 பசங்கதான் வர்றாங்க. ஆனா அத புளியந்தோப்போட சேத்தா அந்த 16 பேரும் ராத்திரி ஏழரைக்கு கணேசபுரம் சப்வேய தாண்டி வீட்டுக்கு போகணும், ஒரு மழை பெஞ்சா அங்க என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. அதனால அது அப்படியே இருக்கு. 30 பேர் வர்ற புளியந்தோப்பு ரெண்டாவது சென்டர் சேருது, ஏன்னா மொத சென்டர் அதே தெருவோட மறு கோடியில இருக்கு, நடுவுல மெயின் ரோடு இல்ல. மத்த ரெண்டும் ஜூன்ல நான் தொறந்த தண்டையார்பேட்டை, காசிமேடு புது சென்டருங்க, அவங்க பழைய இடத்துக்கே போறாங்க. இந்த மூணுல இருக்கற நாலு டீச்சர்ல ரெண்டு பேர் செப்டம்பர்ல இருந்து காலியா இருக்கற ரெண்டு இடத்துக்கும், ரெண்டு பேர் நான் சொன்ன நூலக போஸ்டுக்கும்.

ஒண்ணு வெளிப்படையா சொல்லிடணும். இந்த மடல படிச்சா எல்லாத்தையும் தற்காலிகமா நிறுத்தி வைக்கற மாதிரிதான் தோணும். ஆண்டு விழாவுக்கு அது உண்மை, காசு வந்தா அடுத்த வருஷமே நடத்தலாம். அந்த மூணு சென்டருக்கு அது பாதிதான் உண்மை. ரூம விட்டுட்டா அந்த வாடகைக்கு அந்த தெருவுல திரும்ப ரூம் கெடைக்காது, அதனால பெத்தவங்க கிட்ட "சீக்கிரம் தொறந்துடுவோம்"னு வாக்கு குடுக்காதீங்க.

கை வைக்காத விஷயம் ரெண்டு. பத்தாம் வகுப்பு பசங்களோட வகுப்பு, பொதுத் தேர்வு முடியற வரைக்கும் நோட்ஸ், ஜெராக்ஸ், மாதிரித் தேர்வு எதுவும் கொறையாது. இன்னொண்ணு சாயங்கால சுண்டல். மாசம் 65,000 போகுது, டிரஸ்டி மீட்டிங்ல மொதல்ல எல்லாரும் அதத்தான் காட்டினாங்க. நான் ரெண்டு வருஷம் முன்னாடி காசிமேடு பதிவேட்ட எடுத்துட்டு போனேன். அப்ப தவணை லேட்டாகி மூணு வாரம் சுண்டல் நிறுத்தினோம், ஞாபகம் இருக்கா, 30 பேர் வந்த இடத்துல 17ஆச்சு, திரும்ப ஆரம்பிச்சும் 30க்கு வர ஒன்றரை மாசம் ஆச்சு. மத்தியானம் ஸ்கூல்ல சாப்ட்டுட்டு அஞ்சரைக்கு நம்ம கிட்ட வர்ற புள்ளைக்கு வீட்டுல யாரும் வந்திருக்க மாட்டாங்க, அம்மா மீன் வித்துட்டு வர ஏழாகும். அந்த பதிவேட்ட பாத்தப்புறம் மீட்டிங்ல யாரும் அதப்பத்தி பேசல.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சாக்பீஸ், பல்பு, ஜெராக்ஸ்னு கைக்காசு போட்டு வாங்கிட்டு சொல்லாம இருக்காதீங்க. நல்ல மனசுலதான் பண்றீங்க, ஆனா அந்த செலவு கணக்குல வரலன்னா அடுத்த வருஷ பட்ஜெட்ல "போன வருஷம் இவ்ளோலயே ஓட்டினாங்களே"ன்னு அந்த கொறைஞ்ச தொகையையே போடுவாங்க, அப்புறம் உங்க கைக்காசுதான் நிரந்தர பட்ஜெட். பில் எடுத்து அக்கா கிட்ட குடுங்க, 200 ரூபாய்க்குள்ள கேள்வி இல்லாம குடுத்துடுவாங்க.

டிசம்பர் கடைசியில ஒரு தடவ கணக்கு பாப்போம். தனி நன்கொடை பட்ஜெட்ல போட்டத விட 2 லட்சம் கூட வந்திருந்தா ஏலகிரியோ கண்காட்சியோ இல்ல, மொதல்ல சேமிப்புல எடுத்தத திரும்ப வைப்போம். கம்மியா வந்திருந்தா அதையும் அப்பவே சொல்லிடறேன், பிப்ரவரி வரைக்கும் மறைச்சு வெக்க மாட்டேன்.

வர்ற சனிக்கிழமை காலையில 10 மணிக்கு ஆபீஸ்ல எல்லாரும் வாங்க, மாடி ரூம்லயே உக்காருவோம், அது இன்னும் நம்மதுதான். திட்டணும்னு இருக்கறவங்க நேர்ல திட்டுங்க. சேரப்போற மூணு சென்டர் டீச்சர்ஸ் மட்டும் வெள்ளிக்கிழமையே வந்து என்ன பாத்துட்டு போங்க, யார் எங்க போறீங்கன்னு உங்ககிட்ட பேசாம நான் பட்டியல் போட விரும்பல. வரும்போது அந்த ரூம் ஓனர்ங்க போன் நம்பர எடுத்துட்டு வாங்க, நோட்டீஸ நவம்பர் கடைசிக்குள்ள குடுக்கணும், லேட்டானா ஜனவரி வாடகையும் நம்ம தலையில.

இப்படிக்கு,
செயலாளர்